சிறுகதையின் உள்மன ஓட்டமும் திரைக்கதையின் பின்னணிக்குரலும்: புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைக் கும்மிடிப்பூண்டிக் களத்தில் திரைக்கதையாக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

சிறுகதையைத் திரைக்கதையாக மாற்றுவோர், கதைமாந்தரின் எண்ணங்களில் எதனைக் காட்சியாக்குவது, எதனைப் பின்னணிக்குரலாக்குவது என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். காட்டக்கூடியதைக் காட்சியாக்கி, காட்ட இயலாததைக் குரலில் சொல்லிவிடலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழி. இவ்வழி சில இடங்களில் கதைமாந்தரின் இயல்பையே திரித்துவிடும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை இன்றைய கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் நிகழ்வதாக அமைத்துக் கட்டுரையாளர் எழுதிய குறும்படத் திரைக்கதை வரைவு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஓர் எண்ணம் யாருடையது, அது யாரை நோக்கியது என்னும் இரு வினாக்களே காட்சிக்கும் குரலுக்கும் இடையிலான தெரிவை முடிவுசெய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திரைக்கதை, தழுவல், உள்மன ஓட்டம், பின்னணிக்குரல், கதைசொல்லி, செல்லம்மாள், கும்மிடிப்பூண்டி

முன்னுரை

‘செல்லம்மாள்’ 1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த கதை. சென்னையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, வாடகை குறைவென்பதற்காக நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் நோயாளி மனைவியுடன் குடியிருக்கிறார். மனைவியின் இறப்போடு கதை தொடங்குகிறது. பின்னர் முந்தைய நாள்களுக்குத் திரும்பி, மீண்டும் அந்த உடலருகே வந்து சேர்கிறது. நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நோய், கடை, நடை, ஊருக்குப் போகலாம் என்ற பேச்சு, சாவு ஆகிய ஐந்தில் கதையின் புறவுலகம் அடங்கிவிடுகிறது. எஞ்சியவை எல்லாம் பிள்ளையின் மனத்திலும் கதைசொல்லியின் கூற்றிலும் நிகழ்கின்றன. ஆகவே உள்மன ஓட்டத்தைத் திரைக்கு மாற்றுவதில் உள்ள இடர்களை ஆராய இக்கதை பொருத்தமான களமாகிறது.

வரைவில் கதைக்களம் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றப்பட்டுள்ளது. கதையில் பிள்ளை கடைக்கும் வீட்டுக்கும் இடையே நெடுந்தொலைவு நடக்கிறார். இன்று அந்த ஒதுக்குப்புறம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடிக்கு நகர்ந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலைபார்க்கும் ஒருவர், சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாகப் புறநகர் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் சென்று திரும்புவது இப்பகுதியினர் அறிந்த வாழ்க்கைதான். களமாற்றம் கதையின் தனிமையைக் குறைக்கவில்லை; அதற்கு வேறு உருவம் தந்தது.

கதைக்கூற்றை மூன்றாகப் பகுத்தல்

திரைக்கதை எழுதுவதற்கு முன்னர், கதையின் ஒவ்வொரு தொடரும் மூன்று வண்ணங்களில் ஒன்றால் குறிக்கப்பட்டது. பிள்ளையோ செல்லம்மாளோ செய்வதும் சொல்வதும் ஒரு வண்ணம். பிள்ளை தமக்குள் நினைப்பது இரண்டாம் வண்ணம். கதைசொல்லி பிள்ளையைப் பற்றிக் கூறுவது மூன்றாம் வண்ணம். இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதே கடினமான பணி. ஏனெனில் தமிழ்ச் சிறுகதையில் இவ்விரண்டும் ஒரே தொடரில் இழைந்து வருவது இயல்பு. ‘அவருக்கு அப்படித் தோன்றியது’ என்ற குறிப்பு இல்லாமலே கதைசொல்லி மாந்தரின் மனத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறார்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஐயத்துக்குரிய தொடரைத் தன்மை இடத்துக்கு மாற்றி, அம்மாந்தர் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளக்கூடிய தொடராக அது ஒலித்தால் அவருடைய எண்ணம். அவரால் அறிய முடியாததையோ, அறிந்தும் ஒப்புக்கொள்ளாததையோ அது கூறினால், அது கதைசொல்லியின் அறிவு. செல்லம்மாள் உறவினர் அருகில் இல்லாமல் நகரத்துத் தனிமையில் இறந்தாள் என்னும் கதைத் தொடக்கத்தின் செய்தி இத்தகையது. மனைவியின் உடலருகே அமர்ந்திருக்கும் ஒருவர் தம் நிலையை அவ்வாறு தொகுத்துச் சொல்லமாட்டார்.

இப்பகுப்பு வெறும் இலக்கணப் பயிற்சியன்று. பின்னணிக்குரல் பெரும்பாலும் தன்மை இடத்திலேயே ஒலிக்கிறது. கதைசொல்லியின் கூற்றைப் பகுத்தறியாமல் மாந்தரின் குரலுக்கு மாற்றும்போது, அவருக்கு இல்லாத தன்னறிவை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அதன் விளைவு எத்துணைப் பெரிது என்பதை முதல் வரைவு காட்டியது.

முதல் வரைவும் அதன் பிழையும்

மனைவி இறந்ததும் பிள்ளையின் உள்ளம் கதறவில்லை. பெருஞ்சுமை இறங்கியது போன்ற ஓர் அமைதியே அவரிடம் உண்டாகிறது. இக்கதையின் உயிர்நிலை இவ்விடம்தான். முதல் வரைவில் இது பின்னணிக்குரலாக எழுதப்பட்டிருந்தது:

காட்சி 1. உள். வரிசை வீடு, கும்மிடிப்பூண்டி. இரவு.
பாயில் செல்லம்மாளின் உடல். அருகில் பிரமநாயகம் பிள்ளை அசையாமல் அமர்ந்திருக்கிறார்.
பிள்ளை (பின்னணிக்குரல்): அவள் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பத்து ஆண்டுகளாகச் சுமந்த பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது. இனி அவளுக்கு வலி இல்லை. எனக்கும் பயம் இல்லை.

கதையின் செய்தி பெரும்பாலும் சிதையாமல் இதில் வந்துவிட்டதாகவே தோன்றும். ஆயினும் இப்பக்கத்தைப் படித்த நண்பர் ஒருவர், “இவர் மனைவி சாகட்டும் என்றுதான் காத்திருந்தாரா?” என்று வினவினார். கதையைப் படிப்போருக்கு எழாத வினா இது. காரணத்தைத் தேடியபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன.

ஒன்று, கதையில் அந்த அமைதியைக் கூறுபவர் கதைசொல்லி. பிள்ளை அதனை உணர்கிறார். ஆனால் அதனைப் பெயரிட்டு அறிவிப்பவர் அவர் அல்லர். குரலாக்கியதும் அவர் தம் நிம்மதிக்குத் தாமே வாக்குமூலம் அளிப்பவராகிவிடுகிறார். உணர்ந்து வாய்மூடியிருப்பவரும் உணர்ந்ததை எடுத்துரைப்பவரும் வெவ்வேறு மனிதர்கள். மற்றொன்று, காட்சியில் அவர் அசையாமல் இருக்கிறார். குரல் பேசுவதற்கு இடம்விட்டு உடல் செயலற்றுப்போனது. கதையிலோ அவர் ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருக்கிறார். அந்த உடலை நேர்செய்கிறார், நீராட்டுகிறார், முகத்தை நாடும் ஈயை ஓட்டுகிறார். அவருடைய அன்புக்குச் சான்று இச்செயல்களே. பின்னணிக்குரல் அச்சான்றை விழுங்கிவிட்டது.

நிம்மதி காட்சியாதல்

மறுவரைவில் அக்குரல் முழுவதும் நீக்கப்பட்டது. நிம்மதி என்பதை முகபாவத்தால் காட்டவும் முயலவில்லை. ‘அவர் முகத்தில் நிம்மதி தெரிகிறது’ என்று திரைக்கதையில் எழுதுவது நடிகரிடம் வேலையைத் தள்ளிவிடுவதேயாகும், அது காட்சியாக்கமன்று. மாறாக, நோயாளி ஒருவரைப் பத்து ஆண்டுகள் பேணியவரின் கைகள் எதற்குப் பழகியிருக்கும் என்ற வினா எழுப்பப்பட்டது. விடையாகக் கிடைத்தது ஒரு பழக்கம்: வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல், அவளுடைய நாசியருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா எனப் பார்ப்பார். இப்பழக்கம் கதையில் இல்லாதது, வரைவுக்காக ஆக்கப்பட்டது. முந்தைய நாள்களைக் காட்டும் பகுதியில் இது இருமுறை, எந்த அழுத்தமும் இன்றி இடம்பெறுகிறது. இறப்புக்குப் பின்வரும் காட்சி இவ்வாறு அமைகிறது:

காட்சி 9. உள். வரிசை வீடு. இரவு.
அடுப்பில் வெந்நீர்ப் பானை. பிள்ளை உடலருகே வருகிறார். பழக்கத்தால் புறங்கை அவளுடைய நாசியை நோக்கிப் போகிறது. பாதியில் நிற்கிறது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொள்கிறார்.
தொலைவில் கடைசி மின்தொடர் வண்டி வந்து நிற்கும் ஓசை.
சுவரில் சாய்ந்து அமர்கிறார். இதுவரை மடக்கியே வைத்திருந்த கால்களை நீட்டுகிறார். தோள்கள் தளர்கின்றன.
ஈ ஒன்று செல்லம்மாளின் நெற்றியில் அமர்கிறது. உடனே எழுந்து விசிறியை எடுக்கிறார்.

இக்காட்சியில் நிம்மதியைக் கூறுவன இரண்டு செயல்கள்: பாதியில் நின்ற கை, நீட்டிய கால். ஆயினும் இவை மட்டும் இருந்தால் முதல் வரைவின் பிழை வேறு வடிவில் திரும்பியிருக்கும். கால் நீட்டிய அடுத்த நொடியே ஈயை ஓட்ட எழுகிறார் என்னும் வரிசைமுறைதான் அந்த நிம்மதியை அன்பிலிருந்து பிரியாமல் வைத்திருக்கிறது. செயல்களின் வரிசை மாறினால் பொருளும் மாறும். ஈயை ஓட்டிவிட்டுப் பின் கால் நீட்டினால், கடமை முடித்து ஓய்வெடுப்பவராக அவர் தோன்றுவார். உரைநடையில் கதைசொல்லி ஓர் அடைமொழியால் செய்யும் வேலையைத் திரைக்கதையில் வரிசைமுறை செய்கிறது.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. பழக்கத்தை முன்னரே காட்டியிராவிட்டால் பாதியில் நின்ற கை பொருளற்றதாகிவிடும். எனவே எண்ணம் ஒன்றைக் காட்சியாக்குவது பெரும்பாலும் அந்த ஒரு காட்சியில் முடிவதில்லை. முன்னர் இரண்டு காட்சிகளிலேனும் அதற்கு விதையிட வேண்டும். அவ்வாறு செய்த பின்னும், பார்வையாளருள் சிலர் அதனைத் திகைப்பு என்று கொள்ளக்கூடும். கதைசொல்லி உறுதியாகச் சொல்லும் ஒன்று திரையில் சற்றே மங்கலாகிறது. இந்த இழப்பு, பிள்ளையைத் தவறாகத் தீர்ப்பிடச் செய்யும் தெளிவைவிட ஏற்கத்தக்கது.

கதைசொல்லியின் எள்ளல்

பிழைப்பையும் பணத்தையும் பற்றிய கதைசொல்லியின் கசந்த எள்ளல் இக்கதையில் இடையிடையே தலைகாட்டுகிறது. இதனைப் பிள்ளையின் குரலாக்கினால் அவர் சமூகத் திறனாய்வாளராகிவிடுவார். தனியொரு கதைசொல்லியின் குரலாகப் பதிவுசெய்தால், பார்வையாளர் அறியாத மூன்றாம் மனிதர் ஒருவர் சாவு வீட்டுக்குள் நின்று பேசுவதுபோல் இருக்கும். வரைவில் இந்த எள்ளல் காட்சிகளை அடுத்தடுத்து வைக்கும் முறைக்கு மாற்றப்பட்டது. ஜவுளிக்கடையில் பிள்ளை, திருமண வீட்டார்முன் பட்டுச்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்காட்டுகிறார். அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த காட்சியில், கடை அடைக்கும் நேரத்தில், சம்பளத்தில் கழித்துக்கொள்ளுமாறு கேட்டு, பருத்திச் சேலைகளை வீட்டில் காட்டிவர எடுத்துப்போக முதலாளியிடம் இசைவு கேட்டு நிற்கிறார். இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையில் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.

நகரத்துத் தனிமை பற்றிய தொடக்கச் செய்தியும் இவ்வாறே மாறியது. சிப்காட் ஆலைகளில் வேலைபார்க்கும் பிறமாநிலத் தொழிலாளர் பலர் இப்பகுதி வரிசை வீடுகளில் தங்கியுள்ளனர். பிள்ளை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். இரவுப்பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் ஒடியா இளைஞன் வருகிறான். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்ல இயலாமல், உள்ளே கைகாட்டுகிறார். இளைஞன் எட்டிப்பார்த்து, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். ‘உறவினர் அருகில் இல்லை’ என்பதை இக்காட்சி சொல்லிவிடுகிறது. அதனோடு கதையில் இல்லாத ஒரு பரிவும் சேர்கிறது. இச்சேர்க்கை தனிமையின் கடுமையைச் சற்றுக் குறைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குரல் இன்றியமையாத இடம்

வரைவு முழுவதிலும் பின்னணிக்குரல் ஓரிடத்தில் மட்டும் எஞ்சியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்னும் பேச்சு, செல்லம்மாளை உற்சாகப்படுத்தப் பிள்ளை சொல்லிவருவது. அவள் இருக்கும்போது, காட்சி 5இல், அவர் இதனை நேரில் சொல்கிறார். நீராட்டி முடித்து, கடையிலிருந்து எடுத்துவந்த சேலைகளில் ஒன்றை அவளுக்கு அணிவிக்கும்போது, அதே சொற்கள் மீண்டும் ஒலிக்கின்றன:

பிள்ளை (பின்னணிக்குரல்): தை பொறந்ததும் போயிருவோம் செல்லம்மா. நெல்லை வண்டியிலே ஜன்னலோரம் உனக்கு. ராத்திரி ஏறுனா விடிஞ்சதும் நம்ம ஊரு.

இது குரலாகலாம் என்பதற்குக் காரணம், இவ்வெண்ணத்துக்குக் கேட்பவர் ஒருவர் உண்டு. இது பிள்ளை தம்மைப் பற்றிப் பார்வையாளருக்குத் தரும் விளக்கமன்று, செல்லம்மாளிடம் சொன்னது. கேட்பவர் இல்லாமற்போன பின்னும் பேச்சு நின்றுவிடவில்லை என்பதே இங்குப் பொருள். கைகள் சேலையின் மடிப்பைச் சரிசெய்கின்றன. குரல் பயணத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை என்பதால் ஒன்று மற்றொன்றைத் தேவையற்றதாக்கவில்லை.

திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’யைத் தழுவி அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பேக் விருது பெற்ற இப்படத்தின் நாயகரும் ஜவுளிக்கடை ஊழியரே, களம் கோயம்புத்தூர். மனைவி சில நாள்கள் வெளியூர் சென்றிருக்க, அவர் மனைவிக்கு எழுதும் கடிதம் பின்னணிக்குரலாகிறது. அன்றாட வேலைகளைக் காட்சி காட்ட, அவருள் இருக்கும் காதலைக் கடிதம் பேசுகிறது. தெருவின் ஒலிபெருக்கிகளில் கேட்கும் வெறுப்புப் பேச்சைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதைப் படம் குரலில் விளக்குவதில்லை. அது சூழலின் ஒலியாகவே நிற்கிறது. குரலுக்கு முகவரி இருப்பதால், அது விளக்கவுரையாகத் தாழவில்லை.

குரலே இல்லாமல் தனிமையைக் காட்டியதற்கு, தாகூரின் ‘நஷ்டநீட்’ குறுநாவலைத் தழுவிய சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) படத்தின் தொடக்கப் பகுதி பலரும் அறிந்த சான்று. சாரு கையடக்கத் தொலைநோக்கியுடன் சாளரம் சாளரமாகச் சென்று தெருவைப் பார்க்கிறாள். பின்னர் தன்னைக் கவனியாது கடந்துபோகும் கணவனையும் அதே கருவியால் பார்க்கிறாள். அவளுடைய எண்ணத்துக்குக் கேட்பவர் யாரும் இல்லை. அதனால்தான் அங்குக் குரலும் இல்லை எனக் கொள்ளலாம்.

எழுத்துமுறை குறித்து ஒரு குறிப்பும் தேவை. திரைக்கதைப் படியில் பின்னணிக்குரலும், சட்டகத்துக்கு வெளியே நிற்பவர் பேசும் குரலும் வெவ்வேறாகக் குறிக்கப்பட வேண்டும். முன்னதை ‘வி.ஓ.’ என்றும் பின்னதை ‘ஓ.எஸ்.’ என்றும் திரைத்துறையினர் குறிப்பர். செல்லம்மாள் சன்னியில் தன் தாயை அழைப்பது அடுப்பங்கரையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்பதாக வரும் காட்சியில், அவள் சட்டகத்தில் இல்லை. ஆயினும் அந்த வீட்டில் இருக்கிறாள். அதனைப் பின்னணிக்குரல் எனக் குறித்தால், அது பிள்ளையின் நினைவாகப் பதிவாகிவிடும். அவர் திரும்பிப் பார்ப்பதற்கும் காரணம் இராது.

இருமுறைச் சோதனை

வரைவு முடிந்தபின் இருமுறை வாசிக்கப்பட்டது. முதல் வாசிப்பில் பின்னணிக்குரல் வரிகள் அனைத்தும் மறைக்கப்பட்டன. எந்த வரியை மறைத்தும் காட்சியின் பொருள் குறையவில்லையோ, அவ்வரி நீக்கப்பட்டது. இரண்டாம் வாசிப்பில் குரல் வரிகள் மட்டும் தொடர்ந்து படிக்கப்பட்டன. அவற்றைக் கேட்டாலே கதை முழுதும் விளங்கிவிடுமாயின், திரைக்கதை எழுதப்படவில்லை, சிறுகதைக்குப் படங்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்று பொருள். முதல் வரைவு இந்த இரண்டாம் சோதனையில் தோற்றது. இறுதி வரைவில் எஞ்சிய குரல் பதின்மூன்று சொற்கள். அவற்றை மட்டும் கேட்பவர், இரயில் பயணத்துக்கு ஆயத்தமாகும் மகிழ்ச்சியான குடும்பம் என்றே எண்ணுவார்.

முடிவுரை

கதையின் இறுதியில் சாவு வீட்டு வாசலில் சங்கு ஒலிக்கிறது. கும்மிடிப்பூண்டிக் களத்தில் இவ்விடத்தை எழுதும்போது, பணிமுறை மாற்றத்தை அறிவிக்கும் ஆலைச் சங்கைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எழுந்தது. இரண்டையும் தமிழ் ‘சங்கு’ என்றே சொல்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் சொல்லில் இருப்பது. திரையில் கேட்பது ஊதொலி மட்டுமே. ‘சங்கு’ என்ற சொல்லை யாரேனும் உச்சரித்தாலன்றி அப்பொருத்தம் பார்வையாளரைச் சேராது. அதனைச் சேர்ப்பதற்காகப் பிள்ளைக்கு மேலும் ஒரு குரல்வரி எழுதினால், அது அவருடைய எண்ணமாக இராது. சொல்லழகைக் கண்ட கட்டுரையாளரின் எண்ணமாகவே இருக்கும். ஆகவே ஆலைச் சங்கு நீக்கப்பட்டு, வாசலில் ஊதப்படும் சங்கே நிலைநிறுத்தப்பட்டது.

இதுகாறும் கண்டவற்றால், கதைசொல்லியின் அறிவு காட்சிகளின் அடுக்குமுறையாகவும், மாந்தர் சொல்லாமல் உணர்வது பழகிய செயலாகவும், ஒருவரை நோக்கிய எண்ணம் மட்டுமே குரலாகவும் மாறுவது பொருத்தம் என்பது புலனாகிறது. ‘செல்லம்மாள்’ கதையைப் பொறுத்தவரை இத்தெரிவு பிரமநாயகம் பிள்ளையின் மீதான நீதியைப் பற்றியது. மனைவி இறந்ததும் ஆறுதலடைந்த ஒருவரை அன்பற்றவர் என்று பார்வையாளர் தீர்ப்பிடுவதும், அவருடைய கைகளைக் கண்டு அமைதியாவதும், ஐந்து சிறிய தொடர்கள் குரலாக வேண்டுமா வேண்டாவா என்னும் முடிவைப் பொறுத்தே அமைந்தது.